பேய்னு ஒரு வார்த்தை இல்லீங்க

இல்லீங்க மொதலாளி, பேய்னு ஒரு வார்த்தை க்ரூப்ல வந்த அந்த ஆடியோவுல இல்ல. ஆவி இல்ல, பிசாசு இல்ல, கொலுசு சத்தம்கூட இல்ல. வேணும்னா உங்க போன்லயே இன்னொரு தரம் போட்டுக் கேளுங்க. வேணாமா? சரி விடுங்க, பட்டப்பகல்லயே வேணாம்னா நான் என்ன சொல்றது.

நான்தான் பேசினேன்னு யாரு சொன்னா? மார்ட்டினா? எங்க பெரியப்பா பெத்த பிள்ளைக்கு வாய்ல தாழ்ப்பாளே கெடையாதுங்க. ஆமா, நான்தான். ஜெர்லின். புயல் எச்சரிக்கை வாசிப்பாங்களே ரேடியோவுல, அந்த ஆம்பள குரல எடுத்துக்கிட்டேன். அதுக்கு ஒரு மரியாதை இருக்குது பாருங்க. பங்கு சாமியார் குரல்ல பேசியிருந்தா பிரசங்கம்னு நெனச்சு பாதி ஊரு தூங்கியிருக்கும். உங்க குரல்லயும் ட்ரை பண்ணேங்க. யாரும் பயப்படல. பழகிட்டாங்க.

பொய் சொல்லி ஊர கெடுத்தேனா? எது பொய், காட்டுங்க. நானே சொல்றேன், கேளுங்க.

சாயங்காலம். மோட்டார் நின்னுடுச்சு. வரப்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளை போத்தி, வரிசையா படுக்க வெச்சிருக்குது. ஒண்ணும் அசையல. காத்து மட்டும் பின்னாடி வருது. கழுத்துகிட்ட வந்து மோந்து பாக்குது. கடைசி ஷெட்டுகிட்ட போனா, தட்டுது. நிக்குது. மறுபடி தட்டுது.

அவ்ளோதாங்க. இதுல எது இல்லாதது? வெள்ளை போத்தி இருக்கறது உங்க உப்பளத்துல குமிச்சு வெச்ச உப்புக் குமி. போத்தினது நீங்க வாங்கிப் போட்ட வெள்ளைத் தார்ப்பாய். உப்புங்கற வார்த்தைய மட்டும் நான் வாய்ல வெச்சிக்கிட்டேன், வெளிய விடல. படுக்க வெச்சிருக்குதுன்னு சொன்னேன், எதைன்னு சொல்லல. அத கேக்கறவங்களே போட்டுக்கிட்டாங்க. அவங்கவங்க வீட்டு சாவு அவங்கவங்களுக்குத் தெரியுமில்ல. தட்டறது மதகுப் பலகை. லூசா இருக்குதுன்னு எங்கம்மா உங்ககிட்ட எத்தன தரம் சொல்லியாச்சு. காத்து எப்பவும் வீசத்தான் செய்யுது, நான் மோந்து பாக்க வெச்சேன். வீசறது காத்து, மோந்து பாக்கறது மிருகம். வேற ஒண்ணும் பண்ணலீங்க.

மொதல்ல எடுத்தது இது இல்ல. பயங்கரமான இருட்டு, கொடூரமான அமைதி, நெஞ்சை உறைய வைக்கும் உப்பளம்னு ஒண்ணு பேசி மார்ட்டின்கிட்ட போட்டுக் காட்டினேன். வயித்த புடிச்சிக்கிட்டு சிரிச்சான். அப்பதான் புரிஞ்சிது. பயம்னு நம்மளே சொல்லிட்டா கேக்கறவங்களுக்கு பயப்பட வேலையே இல்லாம போயிடுது. அதனால பயங்கற வார்த்தைய தூக்கினேன். இருட்டையும் தூக்கினேன். நீட்டு நீட்டா இருந்தத எல்லாம் ஒடிச்சேன். மூச்சு வாங்கறப்ப மனுசன் ரெண்டு ரெண்டு வார்த்தையாதான பேசுவான். தூரத்துல இருந்து ஆரம்பிச்சு கழுத்து வரைக்கும் கிட்ட கொண்டாந்தேன். இதெல்லாம் பரிட்சையில கேட்டா ரெண்டு மார்க்கு வரும். நீங்க கூப்பிட்டு விசாரிக்கிறீங்க, எனக்குப் பெருமையா இருக்குது.

நஷ்டமா? ஐயோ பாவம். அது என் தப்புதாங்க, பொம்பளைங்களும் கேப்பாங்கன்னு நான் யோசிக்கல. விடியக்காலைல வேலைக்கு வர மாட்டேன்னுட்டாங்க. எங்கம்மா அந்தோணிமேரி முறத்தாலயே ரெண்டு வெச்சுது. அன்னிக்கே அடுத்தத போட்டேன் இல்ல, உங்க பாத்தியில வேலை செய்யற பொன்னி அக்கா குரல்ல? அதுவும் இதே வரப்பு, இதே குமி, இதே பலகை.

ஏங்க, கெழக்க வெளுத்திருச்சு, பச்சரிசிய படியில கோபுரமா அளந்து வெச்சா மாதிரி உப்பு நம்ம குமிச்சது நம்ம குமிச்ச எடத்துலயே இருக்குது, மோட்டார் டுக்குடுக்குனு ஓடுது, மதகுல அந்தப் பலகை ஆடிக்கிட்டு கெடக்குது, நாளைக்காவது ஆணி அடிக்கணும், திரௌபதி டீ கேன் எடுத்துக்கிட்டு வரப்புல முன்னாடி போறா, வாங்க மெதுவா போலாம்.

பாத்தீங்களா? ஒரே மூச்சுல போகுது, எங்கயும் ஒடியல. எல்லாத்துக்கும் பேரு இருக்குது. உப்புன்னா உப்பு, பலகைன்னா பலகை, போறவ திரௌபதி. இன்னது இன்னதுன்னு சொல்லிட்டா அடங்கிடுதுங்க. சாவு வீட்டுல இருந்து எடுத்த உவமைய சமையக்கட்டுக்கு மாத்தினேன். மறுநாளே எல்லாரும் வந்துட்டாங்க. அப்ப பஞ்சாயத்து முடிஞ்சிது இல்ல?

முடியலயா? சாயங்காலத்துக்கும் ஒண்ணு போடணுமா? போடலன்னா எங்கம்மா நாளையில இருந்து வேலைக்கு வர வேணாமா. சரிங்க. தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன், ஆறு மணிக்கு மேல கடைசி ஷெட்டுல என்னங்க லோடு ஏத்தறீங்க? லாரி அந்தப் பக்கம் போகவே போகாதே. வாட்ச்மேன் வர மாட்டேங்கறானா. ஓ. நீங்க ரொம்ப தைரியசாலிங்க, நேத்து நூறு அடிக்கு கார்ல வந்தீங்களே, பாத்தேன்.

கோவிச்சிக்காதீங்க. இப்பவே பேசிக் காட்டறேன், புடிச்சிருந்தா ரெகார்ட் பண்ணிக்கலாம். பொன்னி அக்கா குரலே இருக்கட்டும்.

ஏங்க, பொழுது சாயுது, காத்து சிலுசிலுன்னு வீசுது, கடைசி ஷெட்டுல பல்பு எரியுது, பயப்பட ஒண்ணும் இல்ல, உள்ள நம்ம அப்பாதுரைதான் உக்காந்திருக்கான், பக்கத்துல மஞ்ச பிளாஸ்டிக் டப்பு, டப்புக்குள்ள சாராய பாக்கெட்டு, வாசல்ல வரிசையா நம்ம ஊரு ஆம்பளைங்க, ஷெட்டு சாவி யாருதுன்னா நம்ம மொதலாளி சிவஞானத்தோடது.

ஏன் எழுந்திட்டீங்க? உக்காருங்க. அமைதியா இருக்கணும்னு நீங்கதான கேட்டீங்க. இதுக்கு வேற வழி கெடையாதுங்க, பேரு சொன்னாதான் பயம் போகும். ஊருக்குப் போயிடும். உங்களுக்கு வந்துடும் போல, அதுக்கு நான் என்ன பண்றது. யாரோ, ஏதோன்னு மூடி வெச்சா பழைய மாதிரி தட்டுது, நிக்குதுன்னுதான் வரும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. மார்ட்டின் வெளியதான் நிக்கிறான், போன் அவன்கிட்ட இருக்குது.

எதுவும் போட வேணாமா. பழசே இருக்கட்டுமா. சரிங்க. எங்கம்மா நாளைக்கு எப்பவும் போல வரலாமில்ல? சொல்லிடறேன். அந்தப் பலகைக்கு மட்டும் ஆணி அடிச்சிடாதீங்க.

அப்பாவா? அமிர்தராஜ் வீட்லதாங்க இருக்காரு. உங்க ஷெட்டு வரிசையில எப்பவும் மொத ஆளா நிப்பாரே, அவரேதான். இப்ப வெளக்கு வெச்சா வெளிய கால் வைக்கறது இல்ல. ரேடியோவுலயே சொல்லிட்டான்டின்னு என்கிட்டயே வந்து சொல்றாரு. காத்து அடிச்சா ஜன்னல சாத்துங்கறாரு. நேத்து வஞ்சிர மீன்ல முள்ள எடுத்துட்டு என் தட்டுல வெச்சாரு, சின்னப்ப அப்படி வெச்சது. ஊருக்குப் போட்டது இல்லீங்க அந்த மொத ஆடியோ, அவரு ஒருத்தருக்குப் போட்டது. பொண்ணு சொன்னா கேக்க மாட்டாரு, க்ரூப்ல வந்தா நம்புவாரு.

நான் வரேங்க. அது என் குரல்னு அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.