படுத்திருப்பவரைக் கும்பிடாதீர்கள் என்று சொன்ன அக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை நிர்வாகி ஐயா அவர்களே, மருத்துவர்களே, காலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் செவிலியர்களே, துப்புரவுப் பணித் தோழர்களே, முன்வரிசையில் மகளின் தோளைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் தையற்கார மாமா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்தில் இந்த ஆண்டு நான் பேசும் மூன்றாவது இரங்கல் உரை இது. முதல் இரண்டையும் எழுதி வைத்துப் படித்தேன். இதற்கு எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. களைத்துப் போய்விட்டேன் ஐயா. அதனால் வாயில் வருவதைச் சொல்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவின் தலைமைச் செவிலியர், இருபத்தாறு ஆண்டு மெஷின் பார்க்கும் என்னோடு ஒரே அறையில் நின்றவர், நம் ‘மெதுவாக்கா’ போய்விட்டார். ஏன் அந்தப் பெயர்? யாருக்குத் தெரியாது! டிராலி தள்ளினால் ‘மெதுவா’. கதவைச் சாத்தினால் ‘மெதுவா’. புதிதாக வந்த டாக்டர் சத்தமாகத் தும்மினால்கூட, ‘டாக்டர், மெதுவா!’ அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை வார்டே அதிரக் கத்தினார். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மடத்தின் தலைவர், பெரிய குரு, எங்கள் பிரிவுக்கு வந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், மெஷினோடு கட்டிப் போட்ட மாதிரி படுத்திருக்க வேண்டும். முதல் நாள் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. சின்ன டாக்டர் கை குலுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நான் ‘குட்மார்னிங் சார்’ என்றேன். ஆயாம்மா ஓடிப்போய்க் காலைத் தொட்டார். சாமிகள் காலை இழுத்துக்கொண்டார். கூட வந்த தொண்டர் முகம் சுளித்தார்.

அக்கா என்ன செய்தார்? தொண்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஐயா, எங்க யாருக்கும் முறை தெரியாது. தெரியாம தப்பு பண்றத விட கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு பாக்குறேன். சொல்லிக் குடுங்க.”

ஊசி மருந்து அட்டவணையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும். ஆண்கள் தோளில் துண்டு போட்டிருந்தால் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கை குவிக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டு: கடவுளுக்குத் தலைக்கு மேலே, குருவுக்கு நெற்றிக்கு நேரே, மற்றப் பெரியவர்களுக்கு மார்புக்கு நேரே. ஒற்றைக் கையால் கும்பிடக் கூடாது. ஆண்கள் உடல் முழுதும் தரையில் படிய விழுந்து வணங்கலாம். பெண்கள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். உத்தரவில்லாமல் காலைத் தொடக் கூடாது. பேசும்போது சற்றே குனிந்து, வலக்கையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். எதைக் கொடுத்தாலும் தட்டில் வைத்து இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘உத்தரவு வாங்கிக்கிறேன் சாமி’ என்று சொல்லி, முதுகைக் காட்டாமல் நாலடி பின்வாங்கிப் பிறகுதான் திரும்ப வேண்டும்.

“இன்னொண்ணு,” என்றார் தொண்டர். “சாமி பூசையில இருக்கறப்ப, சாப்பிடறப்ப, படுத்திருக்கறப்ப கும்பிடக் கூடாது. படுத்திருக்கறவரக் கும்பிட்டா, அது போனவருக்குப் பண்றது.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “அப்ப எங்க வார்டுல எப்பவுமே கும்பிட முடியாதே!”

“சாமி நின்னுக்கிட்டோ உக்காந்துக்கிட்டோ இருக்கறப்ப, உள்ள வர்றதுக்கு முன்னாடி கும்பிட்டுக்கங்க.”

அடுத்த நாள் அக்கா வாசலிலேயே நின்றார். நெற்றிக்கு நேரே கைகுவித்து, ‘வாங்க சாமி’ என்றார். சாமிகள் ‘சிவசிவ’ என்று கையுயர்த்தி வாழ்த்தினார். படுக்கையில் சாய்ந்த பிறகு அக்கா சற்றுக் குனிந்து, “கையத் தொட உத்தரவு குடுங்க சாமி” என்றார். அவர் தலையசைத்த பிறகுதான் ஊசியை எடுத்தார்.

அன்றிலிருந்து எட்டுப் படுக்கைக்கும் அதே கேள்வி! பக்கத்துப் படுக்கை லாரி டிரைவரிடம் போய், “அண்ணே, கையத் தொடட்டுமா?” என்றார். டிரைவர் சிரித்துவிட்டார். “ரெண்டு வருஷமாக் குத்துறீங்க, இன்னிக்குத்தான் கேக்கத் தோணுச்சா சிஸ்டர்?”

“ஆமாண்ணே. இன்னிக்குத்தான் தோணுச்சு.”

சிரித்த டிரைவர், பிறகு கையை நீட்டினார்.

சாமிகளுக்கு இடக்கை ரத்தக்குழாய் சரிப்படாமல் போனதால் வலக்கையில்தான் இரண்டு ஊசியும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்ப வரும். அந்தக் கை அசையக் கூடாது. ஆனால் குருவை வணங்கினால் அவர் எந்தக் கையால் வாழ்த்துவார்? வலக்கையால்தானே! எழுபது வயது வரை வந்த பழக்கம். எதிரே ஒருவர் குனிந்தால், இங்கே கை தானாக எழும். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்தது. அதனால்தான் பார்வையாளர்களை உள்ளே விடாதே, விட்டாலும் கும்பிட விடாதே என்று என்னிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

ஒரு நாள் ஒரு சிமெண்ட் வியாபாரி குடும்பத்தோடு வந்தார். மருத்துவமனைக்கு இரண்டு மெஷின் வாங்கிக் கொடுத்தவர். அக்கா மருந்தறையில் இருந்தார். வாசலில் நின்றது நான். ‘அஞ்சு நிமிஷம்பா’ என்றார். நான் விட்டேன். பெரிய மனிதரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒன்பது பேர் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். ஒன்பது முறை போர்வைக்குள்ளிருந்து அந்தக் கை எழுந்தது.

அக்கா வெளியே வந்தபோது வியாபாரி விழுந்து கும்பிட்டபடி தரையில் கிடந்தார். அவர் நீட்டிய கைக்குச் சாண் தூரத்தில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் திரும்பி வரும் ஊசி நழுவிவிட்டது! மெஷின் பாட்டுக்கு ரத்தத்தைப் போர்வையில் கொட்டிக்கொண்டிருக்கிறது, மணி அடிக்கவில்லை. அக்கா ஓடிவந்து பம்பை நிறுத்தினார், குழாயை அடைத்தார், துளையை அழுத்திப் பிடித்தார். பிடித்தபடியே கத்தினார்:

“எழுந்திரிங்க! படுத்திருக்கறவரக் கும்பிடறது செத்தவருக்குப் பண்றது! எல்லாரும் வெளிய போங்க!”

சாமிகள் பிழைத்தார். அக்கா மாட்டிக்கொண்டார்.

குருவைச் செத்தவர் என்று சொல்லிவிட்டாள் என்று வியாபாரி புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “சிஸ்டர் கத்தினாங்களா?”

“கத்தினாங்க சார்.”

“செத்தவருன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்க சார்.”

இரண்டும் உண்மைதான். ஆனால் ஏன் கத்தினார், உள்ளே விட்டது யார் என்பதையும் நான் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. கடைசி மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். வேலை போய்விடுமோ என்ற பயம். அக்காவைக் கீழ்த்தளத்தில் துணி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். இருபத்து நாலு ஆண்டு ஊசி பிடித்த கை, ஐந்து வாரம் படுக்கை விரிப்பு மடித்தது. மாடிப்படியில் எதிரே பார்த்தால், “டிரைவர் அண்ணனுக்கு நீர் சேர்ந்து எடை கூடிச்சா?” என்று மட்டும் கேட்பார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆறாவது வாரம். சாமிகள் வாசலில் நின்று என்னைக் கேட்டார்: “மெதுவா மெதுவான்னு சொல்ற அம்மா எங்க? லீவுன்னாங்க. இவ்வளவு நாளா லீவு?”

அப்போதுதான் என் வாய் திறந்தது. விட்டது நான், மறைத்தது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. “எந்தப் பக்கம் படி?” என்று கேட்டார்.

கால் வீங்கிய மனிதர் இருபத்திரண்டு படி இறங்கினார். தொண்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அக்கா ஒரு பெரிய விரிப்பின் ஒரு முனையை முகவாயில் இடுக்கிப் பிடித்து, தனியாக மடித்துக்கொண்டிருந்தார். சாமிகளைப் பார்த்ததும் திகைத்துவிட்டார். கை நிறையச் சுமையோடு கும்பிடவும் கூடாதே!

“சாமி, கையில துணி இருக்கு…”

“இருக்கட்டும்மா. அந்த முனையக் குடுங்க.”

வாங்கிக்கொண்டார். இருவரும் எதிரெதிரே நின்று அந்த விரிப்பை இரண்டாக, நாலாக மடித்தார்கள். மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு அக்கா திரும்பினார். நெற்றிக்கு நேரே கைகுவித்தார். சாமிகள் ஊசி இல்லாத வலக்கையை உயர்த்தி, அவசரமில்லாமல் வாழ்த்தினார்.

“நீங்க சொன்னது முறைதான்மா. அத நான் அன்னிக்கே என் ஆளுங்ககிட்டச் சொல்லியிருக்கணும். கும்பிடு வாங்கி வாங்கி எனக்கும் பழகிப்போச்சு.”

அன்றே அவர் நிர்வாகத்துக்குத் தன் கையால் கடிதம் எழுதினார். நானும் எழுதினேன். மறுநாள் அக்கா மேலே வந்தார். வியாபாரி மன்னிப்புக் கேட்கவில்லை, கடைசிவரை கேட்கவில்லை. நான் கேட்டேன். மெஷினுக்குப் பின்னால் நின்று, “அக்கா, நான் பண்ணினது…” என்று ஆரம்பித்தேன்.

“சரி சரி, குழாய மாட்டு. மணி ஆகுது” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு முறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. இப்படி ஒரு மன்னிப்பை நீங்கள் யாராவது கண்டதுண்டா?

பிறகு வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போடப்பட்டது. சாமிகள் வந்ததும் கால் மணி நேரம் அதில் உட்கார்வார். விழுந்து வணங்குகிறவர்கள் அங்கேயே வணங்கிக்கொள்ளலாம். உள்ளே வந்து படுத்துவிட்டால் அவர் வெறும் மூன்றாம் படுக்கை. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டுப் போவார்கள். அதன் பிறகு ஒரு ஊசிகூட நழுவவில்லை.

அக்கா விடுமுறை நாளில் போனார். மாமா தைத்துக்கொண்டிருந்தார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் அசதியா இருக்கு, சாயறேன்” என்றாராம். இருபத்தாறு ஆண்டில் அவர் அசதி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த உடம்பு எவ்வளவு களைத்திருந்ததோ! நாம் யாராவது கேட்டோமா?

இன்று காலை எட்டுப் படுக்கைக்கும் செய்தியைச் சொன்னேன். டிரைவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமிகள் ‘சிவசிவ’ என்று கண்ணை மூடினார். திறந்து, குழந்தை மாதிரிக் கேட்டார்: “இனி யாருப்பா ஊசி போடுவா?”

எட்டுப் பேருமே அதைத்தான் கேட்டார்கள்.

“நாங்க போடுறோம் சாமி. அக்கா போட்ட மாதிரியே போடுறோம்” என்று சொன்னேன். சொல்லிவிட்டேன், இனி செய்தாக வேண்டும். வாசலில் இனி யார் வந்து நின்றாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், முடியாது என்று நானே சொல்வேன். உங்கள் எல்லோர் முன்னாலும், மாமா, உங்கள் முன்னாலும் இந்த உறுதியைத் தருகிறேன்.

ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். என்னை மன்னியுங்கள். மதியக் குழு நோயாளிகள் வந்து காத்திருக்கிறார்கள். நீங்கள் எழுந்து நிற்கும்போது நான் படியேறிக்கொண்டிருப்பேன்.