இரண்டாவது டம்ளர்

சூரியன் உதிக்கும் படத்தின் மேல் பொன்மொழி எழுதி அனுப்புகிறவர்களை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை, மேடம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாளையங்கோட்டையில் என் பிளெக்ஸ் கடையில் வேலை இல்லாத மதியங்களில் 'நெஞ்சுரம்' என்ற இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஆரம்பித்தேன். மலையுச்சியில் ஒருவன் கையை விரித்து நிற்பான். கீழே தங்க நிறத்தில் 'எழுந்து ஓடு, உலகம் உன்னைத் தேடும்' என்று இருக்கும். லைக் நிறைய விழுந்தது. எல்லாம் கல்யாண வீட்டு மொய்ச் சிரிப்பு மாதிரி, மரியாதைக்குப் போட்டவை.

ஒரு படம் மனதில் பட்டதா என்பதை லைக்கை வைத்துச் சொல்ல முடியாது. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம், ஆனால் இது தெரியாமல் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் அதை ஒரே ஒரு ஆளுக்குத் தனியாக அனுப்பினார்கள் என்று பார்க்க வேண்டும். யார் என்று காட்டாது, எண்ணிக்கை மட்டும் வரும். அடுத்து, கீழே வரும் பதில்கள். கும்பிடும் கையும் நெருப்பும் 'அருமை சகோ'வும் வந்தால் படம் செத்துவிட்டது. யாராவது தன் கதையை எழுத ஆரம்பித்தால் அது பிழைத்துவிட்டது.

அப்படி என் பக்கத்தில் கதை எழுதிய முதல் ஆள் கெசியா. 'உலகம் உன்னைத் தேடும்' படத்தின் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இன்றும் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். பிறகு பள்ளிக்கூடம் போனேன்.' என் படத்தை விட்டுவிட்டு எல்லோரும் அவளுக்குப் பதில் எழுதினார்கள்.

பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரம் போய் அவளைப் பார்த்தேன். ஆசிரியை. கணவர் சுவிசேஷமுத்து ஒரு சண்டையில் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்றாடம் மனதில் வருவதை வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் போதும், உங்கள் பெயரிலேயே போடுகிறேன் என்றேன். "எனக்கு எழுதத் தெரியாதே அண்ணே," என்றாள். அதனால்தான் கேட்டேன். தான் சொன்னதைத் தானே பார்க்கக் கூச்சம் என்று அதன்பின் அவள் என் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அவளுடைய அந்த டம்ளர் வாக்கியத்தையே இரண்டு விதமாகப் போட்டுச் சோதித்தேன். சூரியோதயத்தின் மேல் போட்டால் யாரும் நிற்கவில்லை. அவள் வீட்டு அடுப்படி மேடையை என் போனில் சற்றே கோணலாக எடுத்து அதன் மேல் போட்டபோது சேமிப்பு ஏறியது. கையெழுத்து மாதிரி இருக்கும் எழுத்துரு பொய்யாகத் தெரிந்தது, அவள் கையெழுத்தையே படம் எடுத்தால் மெய்யாகத் தெரிந்தது. அறிவுரை சொன்னால் நம்ப மாட்டார்கள். சொல்கிறவருக்கு வலித்திருக்க வேண்டும், கையில் தொடக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் விட வேண்டும். கெசியா எதையும் முடித்துச் சொன்னதே இல்லை.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு பெண் எழுதினாள், அந்த டம்ளர் படத்தால்தான் அன்று உயிரோடு இருந்தேன் என்று. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், சுவிசேஷமுத்துவை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ கெசியாவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் பேச்சு மாறியது. 'நம்பிக்கை மலரும்' என்றெல்லாம் அனுப்பினாள். போட்டேன். கும்பிடும் கைகள் வந்தன, சேமிப்பு குறைந்தது. சாரம்மாள் என்ற ஒரு பெண், எப்போதும் முதலில் வாசிப்பவள், 'அக்காவுக்கு என்ன ஆச்சு? ஸ்கூல் சுவத்துல எழுதின மாதிரி இருக்கு' என்று கேட்டாள். அவர் வரவில்லை என்று உறுதியானதும் கெசியா சரியானாள். சரியானாள் என்றால், எழுத்து.

சித்திரையில் சுவிசேஷமுத்துவே பக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, பாளையங்கோட்டையில் தங்கை ரீபா வீட்டில் இருந்துகொண்டு டயாலிசிஸ் செய்கிறார். ரீபா காட்டித்தான் டம்ளர் படத்தைப் பார்த்திருக்கிறார். அவரிடம் இருந்த கெசியாவின் பழைய நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. 'அவ இன்னும் என்னைத் தேடுதாளா அண்ணாச்சி? நேரா போய் நிக்க வெக்கமா இருக்கு. வந்தா கதவைத் தொறப்பாளான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.'

கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஏறியிருப்பாள், எனக்கு மறுபடி 'நம்பிக்கை மலரும்'தான் வந்திருக்கும்.

அவருக்கு நேராகப் பொய் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. நானே ஒரு படம் செய்து அவள் பெயரில் போட்டேன். கெசியாவின் மேடையில் ஒற்றை டம்ளர். 'இரண்டாவது டம்ளரை இன்று பால்காரரிடம் கொடுத்துவிட்டேன். இனி யார் வந்தாலும் இந்த வீட்டில் ஒரு டம்ளர்தான்.' பொருள் இருந்தது, வலி இருந்தது, கோணல் இருந்தது. ஆனால் அவர் வராமலிருக்க வேண்டுமே, அதனால் முடிவையும் எழுத வேண்டியிருந்தது.

பக்கத்தைப் பின்தொடரும் நாற்பதாயிரம் பேருக்கு அது ஒட்டவில்லை. 'சிங்கப்பெண்' என்றார்கள், கும்பிட்டார்கள், சேமிக்கவில்லை. 'அக்கா இப்படிக் கதவைச் சாத்த மாட்டாங்க' என்று சாரம்மாள் எழுதினாள். அவர் இந்தப் பதில்களை வாசித்துவிடுவாரோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. 'சரி அண்ணாச்சி. அவ சொல்லுதது நியாயந்தான்.' மற்றவர்கள் ஒரு படத்தைப் பார்த்தார்கள். அவர் தன் வீட்டு மேடையைப் பார்த்தார். படத்தை உடனே நீக்கினேன்.

நான்காம் நாள் ரீபா எழுதினாள். 'அண்ணன் டயாலிசிஸ் வேண்டாம்னு படுத்துட்டான். மதினியை ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க.' வாசித்தேன். மறுநாளும் எழுதினாள். அதையும் வாசித்தேன். அந்த வாரம் கெசியா அனுப்பியவைதான் இதுவரை வந்ததிலேயே சிறந்தவை. அதை நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் இறந்துவிட்டார் என்று ரீபா எழுதியதும், கெசியாவிடம் நானேதான் போய்ச் சொன்னேன். வேறு யாரும் முரட்டுத்தனமாகச் சொல்லிவிடக் கூடாது. சட்டைப் பையில் இருந்த போனில் பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. கெசியா அடுப்படி மேடைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "ரெண்டு டம்ளரையும் கழுவித்தான் வச்சிருக்கேன் அண்ணே," என்றாள். அன்றிரவே போட்டேன். அவ்வளவு பேர் எந்தப் படத்தையும் சேமித்ததில்லை.

அடக்கத்தில் ரீபா அவளிடம் பேசவில்லை. போனை மட்டும் நீட்டினாள். நான் நீக்கிய அந்த ஒற்றை டம்ளர் படத்தைச் சுவிசேஷமுத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். கெசியா ஒரு முறைதான் வாசித்தாளாம். "இது நான் சொன்னதில்ல. நான் முடிச்சுச் சொல்ல மாட்டேன்," என்றாளாம். அங்கிருந்துதான் நேராக இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆம், நான்தான் செய்தேன். அவர் சிகிச்சையை நிறுத்தியது தெரியும், ஒரு வார்த்தையில் அவரைத் திரும்ப எழுப்பியிருக்கலாம் என்பதும் தெரியும். அதை மறுக்கவில்லை.

நேற்று கெசியாவுக்கு மன்னிப்பு எழுதி அனுப்பினேன். 'உன் மேடையில் நான் குடித்த டம்ளரின் வளையம் இன்னும் இருக்கும்' என்று. பொருள் இருக்கிறது, வலி இருக்கிறது, முடிவைச் சொல்லவில்லை. எத்தனையோ படம் பார்த்தவன் சொல்கிறேன், மேடம், அது மெய்யானது. வாசித்த உடனே அவள் அதை அழித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், ஏன் அழித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.