இரண்டு மணிச் செய்தியில் ஒரு சொல்

"ஹலோ… ஆமா, செய்திப் பிரிவுதான்… அக்கா? என்னக்கா, இந்த நேரத்துல ஆபீஸ் நம்பருக்கு… அழாம சொல்லு. ஒண்ணும் புரியல."

வானொலி நிலையத்தின் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டே ரிசீவரைப் பிடித்திருந்தாள் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கித் தருவது அவள் வேலை. பகல் மணி இரண்டு பத்து. இரண்டரைக்கு அடுத்த செய்தி.

"ஆமா… ஆமா, ரெண்டு மணிச் செய்தி நம்மளோடதுதான்… 'கிழக்குப் பள்ளத்தாக்கில் சரக்கு அணி சிதறடிக்கப்பட்டது'. ஆமா, அப்படித்தான் வாசிச்சாங்க… ஏன், அதுக்கென்ன… யாரு, வண்டா? வண்டு அங்க எப்படி? அவ தலைநகர் முகாம்லதானே… மாத்திட்டாங்களா? எப்போ?"

வண்டு என்பது அக்காவின் ஒரே மகளுக்குச் செல்லப்பெயர். ராணுவத்தில் லாரி ஓட்டுகிறாள். போன வாரம் எல்லைக்கு மாற்றல் ஆனதைச் சித்தியான இவளிடம் சொல்ல வேண்டாம், வீணாகப் பயப்படுவாள் என்று மறைத்துவிட்டாளாம். மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. மறுபடி எழுந்தாள்.

"சரக்கு அணியிலயேவா… சரி. சரி, இரு. முதல்ல தண்ணி குடி… குடிக்கலன்னா போ. இங்கிலீஷ் செய்தியும் கேட்டியா? புரியாத சொல்லையெல்லாம் எழுதி வெச்சிருக்கியா? ம்… ஒவ்வொண்ணா படி. நான் சொல்றேன்."

தந்திச் செய்தியின் தாள் எங்கே என்று மேசையைக் கிளறிக்கொண்டே பேசினாள். தேநீர்க் கறை படிந்த காகிதக் கட்டுக்கு அடியில் கூட இல்லை.

"வான்கார்ட்… அது முன்னால போற படைக்கா. பிரெஞ்சுல முன்னாடின்னு ஒரு சொல்லு, காவல்னு ஒரு சொல்லு, ரெண்டும் சேர்ந்து இங்கிலீஷ்ல தேய்ஞ்சு போச்சு. நம்ம பழைய தமிழ்ல தூசிப்படைம்பாங்க… ஆமா, முதல் அடி அவங்களுக்குத்தான்… இல்ல, இல்ல. வண்டு சரக்கு லாரி. சரக்கு எப்பவும் பின்னாலதான் வரும். முன்னால விட மாட்டாங்க… சத்தியமா. அடுத்தது?

"ஃபிளாங்க்… பக்கவாட்டு. நம்ம உடம்புல விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவுல எலும்பு இல்லாத இடம் இருக்கே, அதுக்குத்தான் முதல்ல அந்தப் பேரு. படையும் ஒரு உடம்பு மாதிரி. முகம் முன்னால பார்த்துட்டிருக்கும், விலா சும்மா கிடக்கும். அதான் அங்க குத்துவாங்க… தெரியாம சொல்லிட்டேன். விடு.

"ஸ்கர்மிஷ்… பெரிய போர் இல்லக்கா. சின்னச் சின்னக் கூட்டமா மோதி விலகுறது… கேளு, அதோட வேர்ச்சொல்லுக்கு முதல்ல அர்த்தம் காப்பாத்திக்கிறது. வாளை வீசித் தன்னைக் காப்பாத்திக்கிறதுன்னு போய், அப்புறம் சண்டைன்னு ஆச்சு… எனக்குக் கதையளக்க ஆசையா என்ன? நீதானே கேட்ட. தாளைத் தேடிட்டிருக்கேன், அதுவரைக்கும் நீ படிச்சுட்டே இரு."

அக்கா படித்துக்கொண்டே இருந்தால் அழ மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தாள் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. ஒரு பக்கம்தான். அது பாதி வாக்கியத்தில் முடிந்திருந்தது.

"ஆங்… ஆங், கேக்குது. சால்வோ. எல்லா பீரங்கியும் ஒரே நேரத்துல சுடுறது. இத்தாலிக்காரங்க சொல்லு. 'நல்லா இரு'ன்னு சொல்ற வணக்கத்துலேர்ந்து வந்தது. மரியாதைக்குக் குண்டு போடுறாங்க இல்லையா, அங்கேர்ந்து… ஆமா, கொடுமைதான். ஆனா அந்த மூணு சால்வோவும் நம்ம ஆளுங்க சுட்டது. சார்ட்டி… வெளிய போறதுன்னு அர்த்தம், பிரெஞ்சு. ஒரு விமானம் ஒரு தடவை கிளம்பித் திரும்பினா ஒரு சார்ட்டி. ஆறு சார்ட்டின்னா ஆறு விமானம்னு இல்ல. ரெண்டு விமானம் மும்மூணு தடவை போயிருந்தாலும் ஆறுதான்… விழலக்கா. விழுந்ததுன்னு எங்கயும் இல்ல."

தந்திச் செய்தியை அச்சடிக்கும் இயந்திரத்தின் பின்புறம், சுவருக்கும் மேசைக்கும் இடையே, இரண்டாம் பக்கம் சொருகியிருந்தது. குனிந்து இழுத்தாள். ரிசீவரின் சுருள் கம்பி இழுபட்டது.

"லைன்லயே இரு… கடைசிச் சொல்லா? ரவுட்டட். ஆமா. படை உடைஞ்சு, தலைதெறிக்க ஓடுறது. பின்வாங்குறது வேற, அதுல ஒழுங்கு இருக்கும். இதுல இருக்காது. உடைஞ்சதுங்கிற லத்தீன் சொல்லு அது. பாதைக்கு ரூட்டுன்னு சொல்றோமே, அதுவும் அதே சொல்லுதான். காட்டை உடைச்சுப் போட்ட வழி… ரெண்டுக்கும் இறந்த காலம் எழுதினா எழுத்துக்கூட…"

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

முதல் பக்கத்தின் அடியில்: சரக்கு அணி கிழக்குப் பள்ளத்தாக்கில், அப்புறம் அந்தச் சொல். இரண்டாம் பக்கத்தின் தலையில்: சேதமடைந்த பாலத்தைத் தவிர்க்க. நேற்று மாலை முழுமையாக முகாம் சேர்ந்தது. சேதமில்லை.

பாலத்தைத் தவிர்ப்பதற்காக யாரும் சிதறி ஓடுவதில்லை.

"அக்கா… இருக்கேன், இருக்கேன். ஒண்ணு சொல்றேன், கேளு. அவங்களை யாரும் சிதறடிக்கல. பாதை மாத்தி அனுப்பியிருக்காங்க, அவ்வளவுதான். பாலம் உடைஞ்சிருந்ததாம், அதனால பள்ளத்தாக்கு வழியா. ரவுட்டட், ரூட்டட், எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணு… ஆமா, வாசிக்கிறவங்க சில பேரு ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லுவாங்க, அதான் உனக்கும் தெரியல… நேத்து சாயங்காலமே முகாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. எல்லாரும். முன்னால போன படையில ரெண்டு பேருக்குக் காயம். சரக்கு அணியில ஒரு கீறல் இல்ல… என் கையில இருக்கு தாளு. நானே பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

மறுமுனையில் அக்கா அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ம்… ம்… தப்பா எழுதினது யாருன்னா?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் செய்தி ஆசிரியர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டு இருபத்திரண்டு.

"நான்தான்… நான்தான்க்கா எழுதினேன். அஞ்சு நிமிஷந்தான் இருந்தது. ரெண்டாவது பக்கம் கைக்கு வரல. வர்றவரைக்கும் நான் நிறுத்தியிருக்கணும்… திட்டு. திட்டிக்கோ… ஒரு நிமிஷம் லைன்லயே இரு."

ரிசீவரைப் பொத்திக்கொண்டு ஆசிரியரைப் பார்த்துத் திரும்பினாள். "சார், ரெண்டு மணிக்குப் போனது தப்பு. சொல்லு ஒண்ணு, அர்த்தம் ரெண்டு. நான் தப்பானதை எடுத்துட்டேன்." தந்தித் தாளையும் தமிழ்ப் பிரதியையும் நீட்டினாள். அவர் படித்தார், முகம் சுருங்கியது. பேனாவால் பிரதியில் அந்த வாக்கியத்தை அடித்தார், மேலே சரியானதை எழுதினார், போ என்பதுபோலக் கையை ஆட்டினார். அவர் எழுதியதில் தவறு என்ற வார்த்தை எங்கும் இல்லை.

"ஆங், அக்கா. சரி பண்ணியாச்சு. ரெண்டரைக்குச் சரியா வரும்… என்ன? இல்ல, மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டாங்க. சத்தமில்லாம மாத்திடுவாங்க, வழக்கம் அதுதான்… யாரு? எந்த அம்மா… பக்கத்து வீட்டுப் பையனும் அதே அணியா? எத்தனை லாரி… நாப்பதா."

நாற்பது லாரிகள். நாற்பது வீடுகள், அதற்கு மேலும். அவர்களில் யாருக்கும் செய்திப் பிரிவில் தங்கை இல்லை. ரேடியோவை அணைத்துவிட்டுச் சாமான்களை எடுத்துவைத்து ஊர் கிளம்பிய வீடுகூட இருக்கும். அடுத்த செய்தியைக் கேட்டாலும், எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

"தப்புன்னு ரேடியோவுலயே சொல்லணும்னு நீ சொல்றது சரிதான்… சரிதான்கிறேன் இல்ல. வேலை போனா போகட்டும்னு நீ சொல்லிடுவே… ம். இல்ல, நானும்தான் சொல்றேன். மணி என்ன உங்க கடிகாரத்துல? இருபத்தாறா? அந்த வீட்டம்மாவைக் கூப்பிடு. ஆமா, இப்பவே. ரேடியோவைத் தூக்கிக்கிட்டே போ… தெருவுல எல்லாருக்கும் கேக்கட்டும். வெக்கறேன்."

ஆனால் அக்கா முந்திக்கொண்டு வைத்துவிட்டிருந்தாள்.

அவள் தமிழ்ப் பிரதியின் தலையில், ஆசிரியர் எழுதியதற்கு மேலே எழுதினாள்: 'இரண்டு மணிச் செய்தியில் சரக்கு அணி சிதறடிக்கப்பட்டதாகச் சொன்னது எங்கள் தவறு. அந்த அணி வேறு வழியில் அனுப்பப்பட்டது. அனைவரும் பத்திரமாக முகாம் சேர்ந்துவிட்டனர்.' ஆசிரியர் எழுந்து வருவதற்குள் ஒலிபரப்பு அறைக் கதவைத் தோளால் தள்ளி, வாசிப்பவரின் முன்னால் தாளை வைத்தாள்.

"இதுதான் முதல் செய்தி," என்றாள். ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது.