ஆறே மாதத்தில் அள்ளி உண்ட ஆண்சிங்கம்

எடை பார்க்கும் கருவியில் ஒவ்வொரு காலையும் கண்ணை நட்டு நின்ற தாய்மார்களே! கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நாள்கணக்கில் நின்ற தந்தைமார்களே! தலைமை ஏற்றிருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே! பெரியோர்களே! இவற்றையெல்லாம் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் நாற்காலியைக் கடித்துக்கொண்டிருக்கும் எங்கள் பழைய நோயாளிகளே! குறைமாதக் குழந்தைகள் பிரிவின் செவிலி, வார்டிலே "வாயாடி சிஸ்டர்" என்று பெயர் வாங்கியவள், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"பத்து நிமிஷந்தான், சிஸ்டர்" என்று தலைவர் காதில் சொல்லியிருக்கிறார். சரி. பத்து நிமிடத்தில் ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். புகைப்படத்தைப் பற்றிக்கூட அல்ல. அதன் அடியில் எழுதிய மூன்று வரியைப் பற்றி!

பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுகிறோம். படம் எடுக்கிறோம். கைப்பேசியில் போடுகிறோம். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் எழுதுகிறோமே, அதை எழுதும்போது மட்டும் நமக்கு என்ன வந்துவிடுகிறது? வாடகை வீடு அரண்மனை ஆகிறது. கரண்டி பொற்கிண்ணம் ஆகிறது. துப்பியது தெரியாமல் போகிறது, தின்றது மட்டும் தெரிகிறது! பிள்ளையின் வாயில் போனது அரைக் கரண்டி. அப்பன் வாயிலிருந்து வந்தது அண்டா அண்டாவாக!

சிரிக்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிக்காமல் தலை குனிந்திருக்கிறார். அவர்தான் கதாநாயகர். அவரும் அவர் மனைவியும் அனுமதி கொடுத்துத்தான் பேசுகிறேன். "நல்லா கிழிங்க சிஸ்டர்" என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். கிழிக்கிறேன்.

அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். அவர் மனைவி தையல்காரி. இரண்டு மாதம் முந்திப் பிறந்தது பிள்ளை. ஒன்றேகால் கிலோ. எங்கள் பெட்டிக்குள் ஏழு வாரம் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் அம்மா எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: "சோறு குடுக்க அவசரப்படாதீங்க. பொறந்த தேதிய மட்டும் எண்ணாதீங்க. பொறந்திருக்க வேண்டிய தேதியிலேருந்தும் எண்ணுங்க. அதுக்கும் மேல, புள்ள என்ன காட்டுறான்னு பாருங்க. தலை நிக்கணும். சாய்ச்சு உக்காரவச்சா உக்காரணும். கரண்டிய நாக்கால வெளிய தள்ளக் கூடாது. சந்தேகம்னா எங்கிட்ட கூட்டிட்டு வாங்க."

அந்தத் தாய் கேட்டார், காத்தார். பிறந்து எட்டு மாதம். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் ஆறு. பிள்ளை தலையை நிமிர்த்தினான், அம்மாவின் தட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். மருத்துவரும் சரி என்றார். குழைய வேகவைத்து, ஒரு பருக்கை இல்லாமல் மசித்து, தாய்ப்பாலில் இளக்கி, உப்புப் போடாமல், சின்னக் கரண்டியின் நுனியில் எடுத்து ஊட்டினார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தான், துப்பினான், இரண்டாம் முறை விழுங்கினான். இவ்வளவுதான் விழா. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய விழா உலகத்தில் கிடையாது. குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று பால் குடித்த பிள்ளை ஐயா அவன்!

இதை அப்படியே எழுதியிருக்கலாமே? எழுதினாரா?

கட்டிலில் கைப்பேசியோடு உட்கார்ந்தார் நம் கதாநாயகர். முப்பத்தெட்டுப் படத்தில், பிள்ளை அழாத ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்தார். அழகுபடுத்தும் வசதியில் பிள்ளையின் கன்னத்தைக் கொஞ்சம் சிவக்க வைத்தார். பிறகு எழுதினார். கேளுங்கள் அந்தக் காவியத்தை!

"ஆறே மாதம்! அரிசிச் சோற்றை அள்ளி உண்ட எங்கள் ஆண்சிங்கம்! அரண்மனையில் இன்று அமுதூட்டு விழா!"

அடடா! ஆ, அ, ஆ, அ! எதுகைக்கு எடை உண்டு, மோனைக்கு மவுசு உண்டு. உண்மைக்கு மட்டும் உட்கார இடமில்லை!

மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, எட்டு மாசம் ஆச்சே. ஆறுன்னு போட்டிருக்கீங்க?"

"கணக்குப்படி ஆறுதானே? டாக்டரே சொன்னாங்கல்ல. எட்டுன்னு போட்டா, எட்டு மாசப் புள்ள ஏன் இவ்ளோ ஒல்லியா இருக்குன்னு ஆளாளுக்குக் கேப்பான். ஆறுன்னா யாரும் வாயத் தொறக்க மாட்டான்."

"அப்ப முன்னாடியே பொறந்தவன்னு சேத்து எழுதுங்க."

"சரி சரி, எழுதறேன்."

எழுதினார். எங்கே எழுதினார்? அடியிலே! மூன்று வரி முழக்கம், அதற்குக் கீழே சிங்கப் படம் நான்கு, இதயப் படம் ஒன்பது, அதற்கும் கீழே முன்னால் 'ஹேஷ்டேக்' குறி வைத்த பத்தொன்பது சொற்கள், அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு வரி: "குறைமாதத்தில் பிறந்தவன், மருத்துவர் சொன்னபடி எட்டாம் மாதத்தில் ஊட்டினோம்." கைப்பேசியில் பதிவைப் பார்ப்பவருக்கு முதல் இரண்டு வரிதான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாதா? மிச்சமெல்லாம் "மேலும்" என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டுப் படிக்கிற புண்ணியவான் நூற்றுக்கு எத்தனை பேர்? பொய்யை வாசலில் நிறுத்திவிட்டு உண்மையைக் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டார் மனிதர்!

நானூற்றுப் பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். "ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி" என்றார் ஒருவர். "ஆறு மாசத்துலயே அள்ளிச் சாப்பிடுதா, எங்க வீட்டுதும் இருக்கே" என்றார் இன்னொருவர். நம்மவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நானூற்றுப் பன்னிரண்டில் ஒருத்தி, ஒரு பூக்கடைக்காரி. எங்கள் வார்டில் இவர்களுக்குப் பக்கத்துப் பெட்டி. இவன் வீட்டுக்குப் போகும் வாரத்தில் அவள் மகள் வந்து சேர்ந்தாள். அங்கே யாராவது "உங்க புள்ள எந்தத் தேதி?" என்று கேட்டிருக்கிறீர்களா? மாட்டீர்கள். "இன்னிக்கு எவ்ளோ கிராம்?" என்றுதான் கேட்பீர்கள். அதனால் அவளுக்குத் தேதி தெரியாது, படத்தைப் பார்த்த பதற்றத்தில் மாதத்தை எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: பக்கத்துப் பெட்டிப் பிள்ளை, நம் பிள்ளை மாதிரியே குறைமாதம், ஆறே மாதத்தில் அள்ளித் தின்கிறான்.

அவள் மகளுக்கு அன்று ஆறரை மாதம். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் நாலரை. தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "அவங்க புள்ள சாப்பிடுதே, நாம பின்தங்கிட்டோமோ" என்று அந்தத் தாய் நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் காலை சோற்றைக் கையால் பிசைந்து ஒரு கரண்டி கொடுத்துவிட்டாள்.

பருக்கை தொண்டையில் போய் நின்றது. பிள்ளை அழக்கூட முடியவில்லை. சத்தமே இல்லை. உதடு நீலம் பாய்ந்தது.

இங்கே இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். நல்லது.

வீட்டுக்கு அனுப்பும்போது துணிப் பொம்மையை வைத்து நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோமே, "இது எதுக்கு சிஸ்டர்" என்று சிலர் கொட்டாவி விடுகிறீர்களே, அதை அவள் மறக்கவில்லை. பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தாடையைத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டில் பருக்கை வெளியே வந்தது. பிள்ளை வீறிட்டது. அந்த வீறிடலுக்கு ஈடாக ஒரு பாட்டு இருக்கிறதா சொல்லுங்கள்!

அடுத்த அரைமணியில் எங்கள் வாசலில் நின்றாள். நெஞ்சைப் படம் எடுத்தோம், ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். நுரையீரல் சுத்தம். பிழைத்தோம். "யார் சொல்லி ஊட்டினீங்க?" என்று மருத்துவர் கேட்டார். அவள் கைப்பேசியை நீட்டினாள். ஆண்சிங்கம் அரண்மனையில் அமர்ந்திருந்தது.

அவளே தையல்காரிக்குப் போன் போட்டாள். திட்டவில்லை. "அக்கா, உங்க புள்ளைக்கு எப்படிக்கா ஆறு மாசத்துல எறங்குச்சு? எம்புள்ளைக்கு ஏன் எறங்கல?" என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்வி எந்த வசவைவிடவும் சுட்டிருக்கிறது.

தையல்காரி ஓடுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கதாநாயகர் வாதாடினார்: "நாந்தான் கீழ எழுதியிருக்கேனே! அவங்க படிக்காதது என் தப்பா?"

அப்போது அந்த அம்மா கேட்டார் ஒரு கேள்வி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எட்டு பேர் ஏறுற லிஃப்டுல, மேல பெருசா பத்துன்னு எழுதிட்டு, அடியில பொடி எழுத்துல எட்டுன்னு போடுவீங்களா?"

கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று மனிதருக்குத் தெரியும். பதினான்கு வருடமாக அந்தப் பலகையை ஒழுங்காக மாட்டியவர் அவர். மின்தூக்கிக்குள் ஏறும் அந்நியருக்கு அவ்வளவு உண்மை. சொந்தப் பிள்ளையின் படத்துக்கு இல்லை!

"திருத்திடறேன்" என்று எழுந்தார்.

"திருத்தினா பத்தாது. ஏற்கெனவே பாத்தவங்க திரும்பியா வந்து பாப்பாங்க? இத எடுங்க. புதுசா போடுங்க. உண்மைய மொத வரியில போடுங்க."

அவருடைய அண்ணன் போனில் குதித்தாராம்: "குறைமாசம்னு ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிப்பியா? குடும்ப மானம் என்னாவுறது?"

மானமாம்! முந்திப் பிறந்தது மானக்கேடாம்! ஒன்றேகால் கிலோ உடம்போடு மூச்சுக்குப் போராடி ஜெயித்தவனை மறைக்க வேண்டுமாம். துப்பிய சோற்றை அள்ளித் தின்றான் என்பதைக் காட்ட வேண்டுமாம்! கூசவில்லையா? சிங்கம் என்று எழுதுகிறாயே, உண்மையிலேயே சிங்கமாக இருந்த ஏழு வாரத்தை ஏன் ஐயா அழித்தாய்?

தம்பி அண்ணனுக்குச் சொன்னார்: "மானம் போனா போகட்டும்ணே. ஒரு புள்ள மூச்சு போகப் பாத்துச்சு." சொல்லிவிட்டுப் புதிதாக எழுதினார். கன்னம் சிவக்காத படம். வாயோரம் சோறு வழிகிற படம்.

"எட்டு மாதம். இரண்டு மாதம் முன்னால் பிறந்தவன். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு ஊட்டினோம். அரைக் கரண்டி, பாதியைத் துப்பிவிட்டான். முன்பு ஆறு மாதம் என்று போட்டது என் தவறு. உங்கள் பிள்ளைக்கு எப்போது என்பதை எங்கள் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்."

கைதட்டாதீர்கள், முடியவில்லை. எத்தனை பேர் இதயம் போட்டார்கள் தெரியுமா? அறுபத்து மூன்று! நானூற்றுப் பன்னிரண்டு பேரை அள்ளிய பொய் எங்கே, அறுபத்து மூன்று பேரைச் சேர்த்த உண்மை எங்கே! ஆனால் அந்த வாரத்தில் எங்கள் வார்டுக்குப் பதினொரு தாய்மார்கள் போன் செய்தார்கள். "சிஸ்டர், எம்புள்ளைக்கு எப்ப குடுக்கலாம்?" சிங்கத்தைப் பார்த்து ஒருத்திகூடக் கேட்கவில்லை, சோறு வழிந்த வாயைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

"நீ மட்டும் அலங்காரமாகப் பேசலாமா?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. பேசலாம் தம்பி! என் அடுக்குமொழியை நம்பி எவரும் கரண்டியைத் தூக்கப்போவதில்லை. உங்கள் அலங்காரத்தை நம்பி ஒருத்தி தூக்கினாள்!

எழுதுங்கள், பெற்றோரே! பெருமையாகவே எழுதுங்கள்! ஆனால் பிள்ளை பட்ட பாட்டை எழுதுங்கள், பிள்ளை படாத பகட்டை எழுதாதீர்கள். வயதை எழுதினால் முழு வயதை எழுதுங்கள். உண்மை ஒரு வரிதான் என்றால், அந்த ஒரு வரியை முதல் வரியாக எழுதுங்கள். உங்கள் பதிவைப் படிக்கிறவர்களில் ஒருத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் கரண்டியோடு படிக்கிறாள். அவளுக்காக எழுதுங்கள்!

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், தலைகுனிந்து கேட்டாலும் எழுந்து போகாத அந்தத் தந்தைக்கும், மணியை மூன்று முறை தூக்கி மூன்று முறையும் அடிக்காமல் வைத்த தலைவருக்கும் என் நன்றி. எல்லாப் பிள்ளைகளும் அவரவர் நாளில், அவரவர் பசிக்கு உண்டு வளரட்டும். வணக்கம்!