பதினேழாம் நம்பர் மேடைக்கு வரவும்

நான்சி (மைக்கில்): ...நம்ம விழாவுக்கு வைக்கச் சொல்லி பெட்டியில விழுந்த பேர்கள்ல விழாக் குழு மூணைத் தேர்ந்தெடுத்துச்சு. நீங்க போன்ல ஓட்டுப் போட்டீங்க. பிரின்சிபல் மேடமும் சரின்னுட்டாங்க. ஜெயிச்சது பதினேழாம் நம்பர் சீட்டு. எழுதினவங்க மேடைக்கு வாங்க!

அமலன் (மெதுவாக): யாரும் வரலையே... நீயே பேரைச் சொல்லிரு. நான் ஸ்கிரீன்ல லோகோவப் போட்டுர்றேன்.

நான்சி (மெதுவாக): அதெப்படிறா? போன வருசம் எவனோ வேற காலேஜ் விழாப் பேரைச் சுட்டுக் கொடுத்து, பேனர் அடிச்சப்பறம் மாட்டுனோம்ல. எழுதின ஆளு வந்து ‘என் சொந்தப் பேரு’ன்னு சொன்னாத்தான் அறிவிக்கணும்.

அமலன்: வரலைன்னா?

நான்சி: மூணு தடவை கூப்புடுவேன். அப்பறம் ரெண்டாவதா வந்த பேரு.

அமலன்: எது... ‘ஸ்டார் நைட்’டா? நம்ம விழா பகல்லயில்ல நடக்குது!

நான்சி: உனக்கென்ன வந்துச்சு? (மைக்கில்) ரெண்டாவது தடவை... பதினேழு!

அமலன்: செத்த நேரம் பொறு...

நான்சி: எதுக்கு? அந்தப் பேரும் அப்படி ஒண்ணும் பெருசா இல்ல. பாட்டுக்கும் டான்ஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

அமலன்: என்ன சம்பந்தமா? பாதிப் பேரு ஆத்தூரு, கன்னிவாடின்னு காடு கழனில வேலை பாக்குற வீட்டுலருந்து வாரோம். வருசம் பூரா ஒழைச்சது மொத்தமா வீடு வந்து சேர்ற நாளு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? நம்ம பசங்க வருசம் பூரா பழகுனதும் அப்படித்தான...

நான்சி: அட. இதையே மைக்குல சொல்லலாமே.

அமலன்: நானா? கூட்டத்தப் பாத்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

நான்சி: சரி, விடு. (மைக்கில்) மூணாவது... கடைசித் தடவை... பதி...

அமலன்: இரு, இரு! நான்தான்!

நான்சி: மைக்குல.

அமலன் (மைக்கில்): ப... பதினேழு நான்தான். என் சொந்தப் பேரு. எங்கயும் சுடல.

நான்சி (மைக்கில்): கேட்டுச்சா? அப்ப சொல்லிர்றேன்! வருசம் பூரா நாம வெதச்ச பாட்டு, கூத்து, ஓவியம் எல்லாம் இந்த ரெண்டு நாள்ல வீடு வந்து சேருது. நம்ம கல்லூரி விழாவோட பேரு... ‘மகசூல்’! அமலா, அழுத்து!

அமலன்: அழுத்திட்டேன் நான்சி. எம்புட்டு கைதட்டல்! ஏ... நீ ஏன் ஆச்சரியமே படல?

நான்சி: லோகோ வரைய எப்பவும் ஒரு வாரம் இழுப்ப. இந்தத் தடவை ஜெயிச்ச பேரைச் சொன்ன அன்னைக்கே கொண்டாந்து நீட்டுன. அப்பவே தெரியும்.

அமலன்: அடிப்பாவி... அப்ப முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?

நான்சி: கேட்டிருந்தா இன்னைக்கு லீவு போட்டிருப்ப. அதான் ஸ்கிரீன் வேலைய உனக்குக் கொடுத்து, மேடையிலயே உக்கார வச்சேன்.