படத்துல வந்த மேல் வீட்டம்மா

சாவிய எங்கயோ வச்சுட்டேன்க்கா, தேடணும். ஜன்னல்லயே பேசுவோமே. உங்க துண்டு என்கிட்டதான் இருக்கு, பால்கனிக் கம்பியில மாட்டிக்கிட்டு ஆடிட்டிருந்துச்சு. தர்றேன், இருங்க. அவசரமில்லையே? அப்ப சரி.

நேத்து டிவியில அந்தப் பழைய படம் பாத்தீங்கதானே? சத்தம் கீழ வரைக்கும் வந்துச்சு. சேச்சே, தொந்தரவெல்லாம் இல்ல, நானும் அதையேதான் பாத்துட்டிருந்தேன். அழுதீங்களா? அழாம எப்படி, அதுக்குத்தானே அவ்வளவு மழை கொட்டினாங்க.

அது ஒரு நாவல்க்கா. தெரியாதா? இதோ பாருங்க, அட்டையே போயிடுச்சு. எத்தன தடவ படிச்சேன்னு மட்டும் கேக்காதீங்க.

ரெண்டும் ஒரே கதைதான். புருஷன் வேலைக்குப் போறப்ப பொண்டாட்டிய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போறான். ஆனா படத்துல அந்த ஆள் மூஞ்சியப் பாத்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சில்ல, இவன் சரியில்லைன்னு? வழக்கமா வில்லனா வர்றவரு. நாவல்ல அவன் தங்கம்க்கா. சாயங்காலம் பழம் வாங்கிட்டு வந்து, தோல் சீவி, கொட்டை எடுத்து, தட்டுல வச்சுக் குடுப்பான். பாதிப் புத்தகம் வரைக்கும் நமக்கே அவனப் பிடிக்கும். சாவி திரும்பற சத்தம் நடுவுல நடுவுல வரும், குக்கர் சத்தம் மாதிரி. நாம கண்டுக்காமத் தாண்டிப் போயிடுவோம். அவளும் அப்படித்தானே தாண்டினா. அதுக்கு நிதானமாப் பழகணும், பக்கம் பக்கமா. ரெண்டு மணி நேரத்துல எங்க பழகறது? அதான் மூஞ்சியிலயே எழுதி ஒட்டிட்டாங்க.

அவள ஓங்கி அறைவானே, அதுவா? நாவல்ல கிடையாதுக்கா. ஒரு தடவகூட கை ஓங்க மாட்டான். தியேட்டர்ல உக்காந்திருக்கறவனுக்கு வெறும் பூட்டப் பாத்தா பயம் வராது, கன்னத்துல விழுந்தாதான் வரும்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு அந்தப் பூட்டே போதும்.

இன்னொண்ணு கேளுங்க. நாவல்ல யாராவது கதவத் தட்டினா அவளே சமாளிப்பா, சாவியக் காணோம்னு. படிக்கற நாமளும் நம்பிடுவோம், பாவம் ஞாபகமறதின்னு. படத்துல அந்தப் பேச்சையே எடுத்துட்டாங்க. ஏன்னா முதல் காட்சியிலயே அவன் சாவியச் சட்டைப் பையில போடறதக் கிட்டக்க காட்டிட்டாங்களே. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்ச பிறகு அவ எதுக்குப் பொய் சொல்லணும்?

இல்லக்கா, காபி போட்டுத் தரலாம்தான், இந்தக் கம்பி வழியா டம்ளர் வராது.

எனக்குப் பிடிக்காதது அந்த மேல் வீட்டம்மாதான். உங்களச் சொல்லல, படத்துல வர்ற அம்மா. நாவல்ல அந்தப் பொண்டாட்டி எல்லாத்தையும் மனசுக்குள்ளயேதான் சொல்லிப்பா. மனசுக்குள்ள பேசறத எப்படிப் படம் எடுக்கறது? ஆரம்பத்துல கொஞ்சம் பின்னணியில பேச வச்சுப் பாத்தாங்க, அப்புறம் விட்டுட்டாங்க. பேச ஒரு ஆள் வேணுமேன்னு மாடியில ஒரு அம்மாவக் குடி வச்சுட்டாங்க. நாவல்ல மாடி காலியாதான் இருக்கும். கீழ் வீட்டுக்காரங்க அவனோட ஆளுங்க, சொன்னா சாயங்காலமே அவன் காதுக்குப் போயிடும்.

முடிவும் அப்படித்தான். நாவல்ல அவன் ஒரு நாள் பூட்ட மறந்துட்டுப் போயிடறான். கதவு திறந்தே கிடக்கு. அவ அதச் சாத்திட்டு வந்து துணி மடிக்கறா. அவ்வளவுதான் கதை. படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. படிக்கறவங்க மூச்சு முட்டினா புத்தகத்த மூடி வச்சுடலாம். கொட்டகையில இருட்டுல உக்காந்திருக்கறவங்கள அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அதான் அந்த மேல் வீட்டம்மா பூட்டுக்காரனக் கூட்டிட்டு வர, இவ மழையில வெறுங்காலோட ஓடறா. பூட்ட உடைக்க அவ்வளவு நேரம் ஆச்சு, செருப்பத் தேடி எடுக்க நேரமில்லையாமா?

சிரிக்காதீங்க. நானும் வருஷக்கணக்கா சிரிச்சேன், வசதிக்கு வந்த ஆள்னு. புத்தகம்தான் நிஜம், படம் சும்மான்னு. நேத்துதான் சிரிப்பு வரல. அதே காட்சி மாடியிலயும் ஓடுது, அந்தம்மா வர்ற நேரத்துல உங்க நாற்காலி நகர்ற சத்தம் தலைக்கு மேல கேக்குது.

இந்தாங்க துண்டு. காஞ்சிடுச்சு.

அக்கா, நீங்க வந்து நின்னதும் நான் முதல்ல என்ன சொன்னேன்? ஆமா, சாவிதான். படத்துல அந்தப் பேச்சு இல்ல, அதான் உங்களுக்குப் பிடிபடல. கதவுப் பக்கம் கொஞ்சம் திரும்பி, பூட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னு பாருங்க.

போனும் அவர்கிட்டதான் இருக்கு. ஆறு மணிக்குத்தான் வருவாரு. தெருமுனையில பூட்டுக் கடை இருக்காமே. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கறேன். செருப்பு அப்பவே போட்டுட்டேன்.