ஆறாவது வாரத்தில் ஒரு படிவம்

தம்பி: மெதுவா ஏறுக்கா. இன்னும் ஒரே ஒரு மாடிதான்.

அக்கா: கீழே லிஃப்ட் வாயைத் திறந்துக்கிட்டு சும்மா நின்னுச்சேடா!

தம்பி: படி ஏறினா உடம்புக்கு நல்லது.

அக்கா: பதினாறு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் பேசற பேச்சா இது? என் முட்டி என்னடா பாவம் பண்ணுச்சு?

தம்பி: வந்தாச்சு, வந்தாச்சு. இப்படி உக்காரு... சிஸ்டர், டாக்டரைப் பார்க்கணும். இவங்க என் அக்கா. வீட்டுக்காரர் தவறி ஆறு வாரம் ஆச்சு. ரொம்ப முடியாம இருக்காங்க.

நர்ஸ்: டோக்கன் எட்டு. நேத்தே போன்ல பதிஞ்சாச்சு.

தம்பி: யாரு பதிஞ்சது?

அக்கா: நான்தான். டாக்டர்கிட்ட போலாம் போலாம்னு பத்து நாளா என் உயிரை வாங்கினியே. உன் தொல்லை தாங்காமதான்.

நர்ஸ்: முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க. அதுவரைக்கும் இந்தப் படிவத்தை நிரப்புங்க. பேர் எங்ககிட்ட இருக்கு, அதை விட்டுடுங்க.

தம்பி: குடுங்க, நான் எழுதறேன். அக்காவுக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது... முதல் கேள்வி. தூக்கம் எப்படி? மோசம்.

அக்கா: நான் தூங்கறேனா முழிக்கறேனான்னு உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: ரெண்டு மணிக்கு உன் ரூம்ல லைட் எரியுது.

அக்கா: ரெண்டு மணிக்கு என் லைட்டைப் பார்க்க நீ முழிச்சிருக்கணுமே, ராசா?

தம்பி: ... தண்ணி குடிக்க எழுந்தேன்.

அக்கா: மூணு மணிக்கும் குடிச்ச. நாலு மணிக்கும் குடிச்ச. நம்ம வீட்டுத் தொட்டியே வத்திப்போச்சு.

தம்பி: அடுத்தது. பசி எப்படி? சாப்பாட்டுல மனசே இல்ல, ஆனா ரெண்டு தட்டு வைக்கறாங்கன்னு எழுதறேன்.

அக்கா: இருபத்திரண்டு வருஷம் ரெண்டு தட்டு வெச்ச கை. மூளைக்குத் தெரியுது, கைக்குத் தெரியல. நான் என்ன பண்ணட்டும்? அதுக்காகச் சாப்பிடாம இல்லையே, ஒரு தட்டைக் காலி பண்றேன்ல?

தம்பி: மூணாவது. இறந்தவரோட குரல் கேக்குதா, பக்கத்துல இருக்கற மாதிரி தோணுதா? அக்கா, மறைக்காம சொல்லு.

அக்கா: சாயங்காலம் ஆறே முக்காலுக்கு சாவி போடற சத்தம் கேக்குது. எழுந்து போய்க் கதவைத் திறக்கறேன். யாரும் இல்ல. திரும்பி வந்து உக்காந்துக்கறேன்.

தம்பி: கேட்டீங்களா சிஸ்டர்? எங்க வீட்டு மாடியில இருக்கற அம்மா, இது முத்திப்போச்சுன்னு சொன்னாங்க.

நர்ஸ்: அந்தம்மா டாக்டரா?

தம்பி: இல்ல. வரி ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவங்க.

நர்ஸ்: அப்ப வரியைப் பத்திக் கேளுங்க. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க. சாவி சத்தம், செருப்பு சத்தம், இருமல். தெருவுல முதுகைப் பார்த்து அவர்தான்னு ஓடறது. யாரும் இல்லன்னு பார்த்ததும் புரியுதில்ல?

அக்கா: புரியுது சிஸ்டர். புரிஞ்சு தொலைக்குது.

நர்ஸ்: அப்ப அது நோய் இல்லம்மா.

தம்பி: அழுகை? கணக்கே இல்லன்னு போடறேன்.

அக்கா: கணக்கு இருக்கு. முதல் வாரம் நாள் பூரா. இப்ப திடீர்னு வருது, போயிடுது. நேத்து சோப்பு வாங்கற கடையில வந்துச்சு. அவர் போட்டுக்கற சோப்பு. கடைக்காரர் பாவம், விலை ஏறினதுக்கு அழறேன்னு நினைச்சு ரெண்டு ரூபா குறைச்சாரு.

நர்ஸ்: நடுவுல நல்லாவும் இருக்கீங்களா?

அக்கா: இருக்கேன். அதுதான் ஊருக்குப் பொறுக்கல. வந்தவங்கள்ல பாதிப் பேர் 'அழு, அடக்காதே, நோய் வரும்'னாங்க. மீதிப் பேர் 'அழாதே, அவர் ஆத்மா நோகும்'னாங்க. எந்தப் பக்கம் ஓட்டு அதிகம்னு எண்ணிட்டு அழலாம்னு இருந்தேன். பத்தாம் நாள் டிவி பார்த்து சிரிச்சுட்டேன். உடனே மாடிவீட்டம்மா, 'இவ்வளவு சீக்கிரமா?'ன்னாங்க. ரெண்டே நாள்ல, 'இன்னுமா?'ன்னும் அவங்களேதான் கேட்டாங்க.

நர்ஸ்: சிரிப்பும் அதுல ஒரு பகுதிதான். ஒருநாள் நல்லா இருக்கும், மறுநாள் சறுக்கும். வரிசையா, ஒழுங்கா, தேதி போட்டு வராது.

தம்பி: ஆனா வேலை, சிஸ்டர்! சலவைக்கடையில துணிக்குச் சீட்டுக் குத்தற வேலை இவங்களுக்கு. போன வாரம் மாப்பிள்ளை கோட்டை நீச்சல் வாத்தியாருக்கு அனுப்பிட்டாங்க!

அக்கா: வாத்தியாருக்கு அது நல்லாத்தான் இருந்துச்சாம். திருப்பித் தரவே மனசில்லயாம்.

நர்ஸ்: மறதி, கவனம் சிதறறது எல்லாம் இந்தச் சமயத்துல வரும். வேலைக்குப் போறீங்களே?

அக்கா: போறேன். போனாத்தான் ஆறே முக்கால் வரைக்கும் பொழுது போகுது.

தம்பி: சிஸ்டர், என்ன சொன்னாலும் சரிதான் சரிதான்னா எப்படி? அப்புறம் எதைத்தான் நோய்ம்பீங்க?

நர்ஸ்: இன்னும் ஆறு கேள்வி பாக்கி இருக்கு. எழுதுங்க. நீங்க எப்படி இருக்கீங்க சார்?

தம்பி: நான் நல்லா இருக்கேன்.

அக்கா: இவன் பாறை சிஸ்டர். ஒரு சொட்டு கிடையாது. வாடகை நாற்காலி, டீ, இறப்புச் சான்று, பேங்க், எல்லாத்துக்கும் இவன்தான் அலைஞ்சான். வந்தவங்க எல்லாம் 'தம்பியைப் பார், எவ்வளவு தைரியம்'னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டுப் போனாங்க.

நர்ஸ்: அழாம இருக்கறதும் சில பேருக்கு இயல்புதான். வேலை?

தம்பி: கம்பெனியில மூணு நாள் லீவு குடுத்தாங்க. சொந்த மச்சான்னா மூணு நாள், தூரத்துச் சொந்தம்னா ஒண்ணு. நாலாம் நாள் காலையில ஒன்பது மணிக்குத் துக்கம் முடிஞ்சிருக்கணும்னு சர்க்குலர்லயே இருக்கு. நான் கரெக்டா முடிச்சுட்டேன்.

அக்கா: டிபன் பாக்ஸ் மட்டும் சாயங்காலம் எடுத்துட்டுப் போன மாதிரியே திரும்பி வருது.

தம்பி: வேலை மும்முரத்துல...

அக்கா: மூணு வாரமா?

தம்பி: உனக்கு வந்த படிவமா எனக்கு வந்த படிவமா? அடுத்த கேள்வி. உங்களால்தான் இந்த மரணம் நேர்ந்தது என்று அடிக்கடி... இது அக்காவுக்குப் பொருந்தாது. விட்டுடலாம்.

நர்ஸ்: எதையும் விடக்கூடாது.

அக்கா: எனக்கு இருக்கே. அன்னிக்குக் காலையில காப்பியில சர்க்கரை அதிகம்னு அவரைத் திட்டினேன். அதை நினைச்சா என்னாலதான் போயிட்டாரோன்னு இருக்கும். அப்புறம், அவரும்தானே என்னைத் திட்டினார்னு நினைச்சுக்குவேன். கொஞ்சம் ஆறும்.

தம்பி: ம்.

அக்கா: உனக்கு ஆறுதா?

தம்பி: எனக்கென்ன?

அக்கா: நீயும் அவரும் லிஃப்ட் கம்பெனியில ஒரே டீம். ஒருத்தர் மேல மெஷின் ரூம்ல, ஒருத்தர் கீழ குழியில. 'மேல சரியா?'ன்னு நீ கத்துவ, 'சரி, விடு'ன்னு அவர் சொல்லுவாரு. பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு நீ கத்தறது எனக்குக் கேக்குதுடா. 'மேல சரியா மாமா?'ன்னு.

தம்பி: ... அதுவும் பாதிப் பேருக்கு வர்றதுதானே, சிஸ்டர்?

நர்ஸ்: வர்றதுதான். பதில் வரலன்னா என்ன பண்றீங்க?

தம்பி: மறுபடியும் கேக்கறேன்.

நர்ஸ்: எவ்வளவு நேரம்?

அக்கா: உங்க கம்பெனி சூப்பர்வைசர் திங்கக்கிழமை போன் பண்ணாருடா. 'தம்பிக்கு உடம்பு எப்படி இருக்கு, மூணு வாரமா வரலையே'ன்னாரு. டிபனைக் கட்டிக்கிட்டு எங்கடா போற?

தம்பி: ... பஸ் ஸ்டாண்டு. பெஞ்சுல உக்காந்திருப்பேன். சாயங்காலம் வந்துடுவேன்.

அக்கா: தினமுமா?

தம்பி: லீவு முடிஞ்சு ரெண்டு வாரம் எப்படியோ போனேன்க்கா. அப்புறம் ஒரு நாள் லிஃப்ட் கதவு திறந்துச்சு. கால் உள்ள போகல.

நர்ஸ்: குடிக்கறீங்களா சார்?

தம்பி: கொஞ்சம். தூக்கத்துக்கு. முன்னாடி பழக்கமில்ல... இப்ப கொஞ்சம் பத்தல.

அக்கா: அடப்பாவி. அந்தத் தண்ணியா தினமும் ரெண்டு மணிக்கு?

தம்பி: அன்னிக்கு நான் முன்னாடியே வேலைக்குக் கிளம்பிட்டேன்ல, காலையில ஏழரைக்கு எனக்குத்தான் போன் பண்ணாருக்கா. 'மச்சான், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது'ன்னாரு. நான் சிரிச்சேன். 'கேஸா இருக்கும் மாமா, ஒரு சோடா குடிங்க'ன்னேன். சிரிச்சேன்க்கா. ஒன்பதரைக்குப் போயிட்டாரு.

அக்கா: ... என்கிட்டயும்தான்டா சொன்னாரு. சர்க்கரை சண்டைக்கு நடுவுல. நானும் கேஸ்னுதான் சொன்னேன். அவரும் அதையேதான் சொல்லிக்கிட்டாரு. மூணு பேருமா சேர்ந்து தப்பாச் சொன்னோம். நீ மட்டும் ஏன் ஒத்தையா சுமக்கற?

தம்பி: என்கிட்டதான் கேட்டாரு. நான் நினைச்சிருந்தா வண்டியில ஏத்தியிருக்கலாம். முழிச்சதுலேர்ந்து படுக்கறவரைக்கும் இதே ஓடுது. ஒரு நிமிஷம் நிக்கல.

நர்ஸ்: சார், நீங்க எதைத்தான் நோய்ம்பீங்கன்னு கேட்டீங்களே. ஆறு வாரத்துல யாரும் முடிச்சுடறதில்ல. உங்க அக்கா அழறாங்க, சிரிக்கறாங்க, கோட்டை மாத்தி அனுப்பறாங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விட இடம் கிடைக்குது. அவங்களுக்கு மாத்திரை வேண்டாம், கூட உக்காந்து அவரைப் பத்திப் பேச ஆள் போதும். ஒரு வருஷம் கழிச்சும் முதல் நாள் மாதிரியே இருந்தா அப்ப வரட்டும். சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, வேலை போச்சு, குடி ஏறுது, குத்த உணர்ச்சி ஒரு நிமிஷம் இறங்கல... இப்படி இருக்கறவங்க காத்திருக்கக் கூடாது. கடைசிக் கேள்வியைப் படிங்க.

தம்பி: ... கண்ணாடி இல்லாம தெரியல.

நர்ஸ்: கண்ணாடி அக்காவுக்குத்தான். உங்களுக்கு நல்லாத் தெரியும். சரி, நானே கேக்கறேன். செத்துப்போயிட்டா நல்லதுன்னு தோணுதா?

அக்கா: சிஸ்டர்! இப்படிப் பட்டுனு கேட்டா இல்லாத நெனப்பு வந்துடாதா?

நர்ஸ்: கேக்கறதால வராதும்மா. இருக்கறவங்களுக்கு அப்பாடான்னு இருக்கும், அவ்வளவுதான்.

தம்பி: ... ஆமா.

அக்கா: டேய்...

தம்பி: காலையில முழிப்பு வந்ததும் ஏன் வந்துச்சுன்னு இருக்கு. வராமலே இருந்தா தேவலன்னு. மூணு வாரமா. யாருகிட்டயும் சொல்லல.

நர்ஸ்: எப்படிங்கற யோசனை ஏதாவது?

தம்பி: இல்ல. அந்த அளவுக்கு இல்ல சிஸ்டர். சத்தியமா.

நர்ஸ்: சொன்னது நல்லது. அந்த ரெண்டு பேர் இருக்கட்டும், அடுத்தது நீங்கதான். உள்ளயும் இதையே அப்படியே சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி தனியா இருக்க வேண்டாம், வீட்டுல இருக்கற பாட்டிலை அக்கா எடுத்து வெச்சுக்கட்டும். அந்த நெனப்பு பலமா வந்தா விடியறவரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே அக்காவை எழுப்புங்க, இல்லன்னா அவசரப் பிரிவுக்கு நேரா வந்துடுங்க.

தம்பி: ஆனா இது அக்காவுக்கு எடுத்த டோக்கனாச்சே? பேரை மாத்தி எழுதணுமே...

நர்ஸ்: மாத்தவே வேண்டாமே. நேத்து பதிஞ்சதே உங்க பேர்லதான்.

தம்பி: அக்கா...?

அக்கா: உனக்குன்னு சொல்லியிருந்தா நீ வாசப்படி தாண்டியிருப்பியா? எனக்குன்னா என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டாவது வருவன்னு தெரியும். அதான் என்னை நோயாளியாவே வெச்சுக்கோன்னு பத்து நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எழுந்திரு, நானும் கூட வர்றேன். ஒரு ஆளை அனுப்பிட்டு ஆறு வாரம்தான் ஆகுது. இன்னொருத்தரை அனுப்ப என்கிட்ட தெம்பு இல்லடா.